ஜெர்மனிக்காரர் சொல்லும் 2-ஆம் வாரம், நம் எக்செலில் 3 ஆவது ஏன்?

கேள்வி: சேதராப்பட்டில் ஒரு ஏற்றுமதி யூனிட்டில் பிளானிங் பார்க்கிறேன். ஜெர்மனி கஸ்டமர் ஆர்டரில் டெலிவரியை "KW 53/2026", "KW 02/2027" என்றுதான் போடுகிறார். வருடத்துக்கு 52 வாரம்தானே, 53 எங்கிருந்து வந்தது? எங்கள் ஷீட்டில் 2027 ஜனவரி 11-ஐப் போட்டால் 3 என்று வருகிறது, அவர் 2 என்கிறார். இந்த வருடம் முழுக்க ஷீட் சரியாகத்தான் காட்டியது. ஒரு தேதி எந்த வாரத்தில் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

உங்கள் கஸ்டமர் சொல்வது சரி. உங்கள் ஷீட்டும் பழுதாகவில்லை. அது வேறு ஒரு கணக்கில் வாரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. 2026-இல் இரண்டு கணக்கும் ஒத்துப்போனதால் வித்தியாசம் வெளியே தெரியவில்லை. 2027-இல் தெரியும், 2028-இலும் தெரியும். அதனால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

KW என்பது ஜெர்மனியில் காலண்டர் வாரத்துக்கு எழுதும் சுருக்கம். அங்கே "மார்ச் 9-ஆம் தேதி" என்று சொல்வதைவிட "11-ஆம் வாரம்" என்று சொல்வதுதான் தொழிற்சாலைகளில் வழக்கம். சுவர்க் காலண்டரிலேயே ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் அந்த எண் அச்சாகியிருக்கும். இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரநிலை. 1988-இல் அந்தப் பெயரில் வந்தது. வார எண்ணுக்கான விதி அதற்கு முன்பே, 1970-களிலேயே, தனித் தரநிலையாக இருந்தது. தேதியை 2027-01-11 என்று வருடம், மாதம், நாள் வரிசையில் எழுதச் சொல்வதும் இதே 8601-தான்.

விதி இரண்டே வரி. வாரம் திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும். வருடத்தின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் வருகிறதோ, அதுதான் 1-ஆம் வாரம்.

ஏன் வியாழன்? திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாளில் நட்ட நடு நாள் அதுதான். டிசம்பர் கடைசியில் ஒரு வாரம் பாதி இந்த வருடத்திலும் பாதி அடுத்த வருடத்திலும் கிடக்கும். அதை வெட்டி இரண்டாக்கினால், இரண்டு நாள் மட்டும் உள்ள ஒரு வாரமும் ஐந்து நாள் உள்ள ஒரு வாரமும் கிடைக்கும். உற்பத்திக் கணக்குக்கு அது உதவாது. ஆகவே வாரத்தை வெட்டாமல் முழுசாக ஏதாவது ஒரு வருடத்தின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நான்கு நாளோ அதற்கு மேலோ எந்த வருடத்தில் விழுகிறதோ, அந்த வருடத்துக்கு அந்த வாரம் சொந்தம். வியாழக்கிழமை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் நான்கு நாள் இருக்கும். நம் பஞ்சாங்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. சங்கராந்தி சூரிய அஸ்தமனத்துக்கு முன்னால் வந்தால் அன்றே மாதம் பிறக்கும், அஸ்தமனத்துக்குப் பிறகு வந்தால் மறுநாள்தான் ஒன்றாம் தேதி. ஒரு நாளை இரண்டு மாதத்துக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது என்பதால் வந்த ஏற்பாடு அது. இங்கே நாளுக்குப் பதில் வாரம்.

இந்த விதியைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் மனதில் நிற்கும் ஒரு வடிவம் கிடைக்கும். ஒரு வாரத்தின் எண் என்பது, அந்த வாரத்தில் உள்ள வியாழன் அந்த வருடத்தின் எத்தனையாவது வியாழன் என்பதுதான். 2-ஆம் வாரம் என்றால் வருடத்தின் இரண்டாவது வியாழன் உள்ள வாரம். 44-ஆம் வாரம் என்றால் நாற்பத்து நான்காவது வியாழன் உள்ள வாரம். இதைத் தவிர வேறு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

உங்கள் 53 எங்கிருந்து வந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. 365 நாளை ஏழால் வகுத்தால் 52 வாரம் போக ஒரு நாள் மிச்சம். அந்த ஒரு நாள் வியாழனாக அமைந்துவிட்டால் வருடத்தில் 53 வியாழன் வந்துவிடும். 2026 ஜனவரி 1 வியாழன், டிசம்பர் 31-உம் வியாழன். ஆகவே 2026-க்கு 53 வாரம். லீப் வருடத்தில் இரண்டு நாள் மிச்சம் என்பதால், ஜனவரி 1 புதனாக இருந்தாலும் டிசம்பர் 31 வியாழனாகிவிடும். 2020-இல் நடந்தது அதுதான். சுருக்கமாக, ஜனவரி 1 அல்லது டிசம்பர் 31, இரண்டில் ஒன்று வியாழனாக இருந்தால் 53 வாரம், இல்லாவிட்டால் 52. இதற்கு முன் 2015, 2020. இப்போது 2026. அடுத்தது 2032. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், போன முறை வந்ததைப் பார்த்தவர்கள் இப்போது அந்த சீட்டில் இருக்க மாட்டார்கள். "53 என்று ஒரு வாரமே கிடையாது, தப்பாக டைப் பண்ணியிருக்கிறார்கள்" என்று 52 ஆகத் திருத்திவிடுகிற ஆபத்து அதனால்தான் வருகிறது. திருத்தாதீர்கள். KW 53/2026 என்பது 2026 டிசம்பர் 28 திங்கள் முதல் 2027 ஜனவரி 3 ஞாயிறு வரை.

இனி, ஒரு தேதியைக் கொடுத்தால் கையாலேயே வாரம் கண்டுபிடிப்பது. முதலில் அந்தத் தேதி உள்ள திங்கள்–ஞாயிறு வாரத்தின் வியாழனுக்குப் போக வேண்டும். திங்கள், செவ்வாய், புதன் என்றால் முன்னால் நகர வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு என்றால் பின்னால் வர வேண்டும். பிறகு அந்த வியாழன் வருடத்தின் எத்தனையாவது நாள் என்று எண்ணி ஏழால் வகுக்க வேண்டும். மீதி இல்லாவிட்டால் ஈவே வார எண். மீதி இருந்தால் ஈவுடன் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். வருடம் எது என்றால், அந்த வியாழன் இருக்கும் வருடம்.

உங்கள் ஜனவரி 11-ஐயே எடுத்துக்கொள்வோம். 2027 ஜனவரி 11 திங்கள். அந்த வாரத்து வியாழன் ஜனவரி 14, வருடத்தின் 14-ஆவது நாள். ஏழால் வகுத்தால் மீதியில்லாமல் 2. ஆகவே 2027-இன் 2-ஆம் வாரம். கஸ்டமர் சொன்னது அதுதான். ஒன்றையும் கவனியுங்கள்: அது ஜனவரி 11 முதல் 17 வரை, சரியாக நம் பொங்கல் வாரம். அந்த வாரத்தில் லோடு ஏற்ற ஆளும் லாரியும் கிடைக்குமா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 2027 ஜனவரி 1, வெள்ளி. வியாழனுக்கு ஒரு நாள் பின்னால் போனால் 2026 டிசம்பர் 31. அது 365-ஆவது நாள். ஏழால் வகுத்தால் 52, மீதி 1. ஆகவே 53. வியாழன் 2026-இல் இருப்பதால் வருடமும் 2026. தேதியில் 2027 என்று இருக்கிறது, வாரத்தில் 2026 என்று இருக்கிறது. இரண்டும் சரி. வாரத்துக்கென்று தனியாக ஒரு வருடம் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டால் குழப்பம் போய்விடும்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். 2025 டிசம்பர் 29 திங்கள். அந்த வாரத்து வியாழன் 2026 ஜனவரி 1, முதல் நாள். ஆகவே டிசம்பர் 29, 30, 31 மூன்று நாளும் 2025-இல் இருந்தும் 2026-இன் 1-ஆம் வாரத்தைச் சேர்ந்தவை.

நம்மூர் விடுமுறை ஒன்றையும் பார்த்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை எப்படி விழுகிறது என்று அதில் தெரியும். புதுச்சேரி விடுதலை நாள் நவம்பர் 1, 2026-இல் ஞாயிறு. ஐஎஸ்ஓ கணக்கில் ஞாயிறு வாரத்தின் கடைசி நாள். ஆகவே வியாழனுக்குப் பின்னால்தான் போக வேண்டும்: அக்டோபர் 29. செப்டம்பர் முடிய 273 நாள், அதனுடன் 29 சேர்த்தால் 302. ஏழால் வகுத்தால் 43, மீதி 1. ஆகவே 44-ஆம் வாரம். நம் சுவர்க் காலண்டரில் முதல் கட்டம் ஞாயிறு என்பதால், கண் தானாக நவம்பர் 1-ஐ அடுத்து வரும் திங்களோடு சேர்த்துப் பார்க்கும். 45 என்று சொல்லிவிடுவோம். எக்செலின் சாதாரண WEEKNUM-உம் அதே 45-ஐத்தான் காட்டும்.

இப்போது உங்கள் ஷீட்டுக்கு வருவோம். அதில் =WEEKNUM(A2) என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அது அமெரிக்க வழக்கம். வாரம் ஞாயிறு தொடங்கும். ஜனவரி 1 எந்தக் கிழமையில் விழுந்தாலும் அன்றைக்கே 1-ஆம் வாரம் ஆரம்பித்துவிடும். 2027 ஜனவரி 1 வெள்ளி. ஆகவே அந்த வெள்ளியும் சனியும் மட்டும் சேர்ந்து 1-ஆம் வாரம். ஜனவரி 3 ஞாயிறு முதல் 2-ஆம் வாரம், 10-ஆம் தேதி ஞாயிறு முதல் 3-ஆம் வாரம். உங்களுக்கு 3 வந்தது இப்படித்தான். இந்த ஒரு எண் வித்தியாசம் 2027 முழுக்கத் தொடரும். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாகவே ஆகும்: ஜனவரி 10 ஐஎஸ்ஓ-வில் இன்னும் 1-ஆம் வாரம், ஷீட்டில் 3.

2026-இல் ஏன் தெரியவில்லை? ஜனவரி 1 வியாழன் என்பதால், அந்த முதல் துண்டு வாரத்தில் வியாழன் இருந்தது. ஐஎஸ்ஓவும் அதையே 1-ஆம் வாரமாக எடுத்தது. திங்கள் முதல் சனி வரை இரண்டு எண்ணும் ஒன்றாகவே ஓடின. நீங்கள் ஞாயிறு டெலிவரி போட்டிருக்க மாட்டீர்கள், ஆகவே கண்ணில் படவில்லை. 2023, 2024, 2025 மூன்றிலும் இதே நிலைதான், வருடக் கடைசி நாட்களைத் தவிர. ஜனவரி 1 வெள்ளியிலோ சனியிலோ விழும் வருடத்தில்தான் ஷீட் ஒரு வாரம் முந்தும். 2021, 2022 அப்படி. 2027, 2028-உம் அப்படி. நான்கு வருடம் சரியாகக் காட்டிய ஷீட்டை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அதுதான் இதில் உள்ள சிக்கல்.

சிலர் "வாரம் திங்கள் தொடங்கணும், அவ்வளவுதானே" என்று =WEEKNUM(A2,2) என்று மாற்றிவிடுகிறார்கள். அது பாதி மருந்து. திங்கள் தொடக்கம் வந்துவிடும், ஆனால் ஜனவரி 1-லேயே 1-ஆம் வாரம் ஆரம்பிப்பது மாறாது. 2027 ஜனவரி 11-க்கு அதுவும் 3 என்றே சொல்லும். சரியானது இதில் ஏதாவது ஒன்று:

```
=ISOWEEKNUM(A2)
=WEEKNUM(A2,21)
```

முதலாவது எக்செல் 2013 முதல் இருக்கிறது. கூகுள் ஷீட்ஸிலும் வேலை செய்யும். இரண்டுக்கும் விடை ஒன்றுதான்.

எண் சரியாகிவிட்டது என்று இங்கேயே நிறுத்திவிடக் கூடாது. வருடத்தை ஒட்டும் இடத்தில்தான் பெரிய தப்பு வருகிறது. பெரும்பாலான ஷீட்டில் YEAR(A2) என்று எடுத்து வார எண்ணின் முன்னால் ஒட்டியிருப்பார்கள். 2027 ஜனவரி 1-க்கு அது 2027-W53 என்று எழுதும். அப்படி ஒரு வாரமே கிடையாது, 2027-க்கு 52 வாரம்தான். ஆனால் ஷீட்டுக்கு அது தெரியாது. வரிசைப்படுத்தினால் அந்த ஆர்டர் 2027-இன் கடைசிக்குப் போய் உட்காரும். வருடம் முழுக்க யாரும் அதைத் தேட மாட்டார்கள். 2025 டிசம்பர் 29-க்கோ 2025-W01 என்று எழுதும். அது ஒரு வருடம் பின்னால் போய், பன்னிரண்டு மாதமாகக் கிடப்பில் உள்ள ஆர்டர் போலச் சிவப்பில் நிற்கும். வருடத்தையும் வியாழனிடமிருந்தே வாங்க வேண்டும்:

```
=YEAR(A2-WEEKDAY(A2,2)+4)&"-W"&TEXT(ISOWEEKNUM(A2),"00")
```

உள்ளே இருக்கும் A2-WEEKDAY(A2,2)+4 என்பதுதான் அந்த வாரத்து வியாழன். WEEKDAY(A2,2) திங்களுக்கு 1, ஞாயிறுக்கு 7 தரும். அதைக் கழித்தால் முந்தைய ஞாயிறு. நான்கு கூட்டினால் வியாழன். நாம் கையால் செய்த அதே வேலை. வார எண்ணை இரண்டு இலக்கமாக 02 என்று எழுதுவதும் முக்கியம், இல்லாவிட்டால் வரிசைப்படுத்தும்போது 10-ஆம் வாரம் 2-க்கு முன்னால் வந்து நிற்கும்.

உங்கள் சாஃப்ட்வேர் ஆட்கள் பைத்தானில் ரிப்போர்ட் எடுக்கிறார்கள் என்றால், அங்கேயும் இதே பள்ளம் உண்டு. வாரத்துக்கு %V போட்டுவிட்டு வருடத்துக்குப் பழக்கத்தில் %Y போட்டுவிடுவார்கள். %V-க்கு ஜோடி %G. "%G-W%V" என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சரி பார்க்க ஒரு சின்ன சோதனை போதும். ஷீட்டில் நான்கு தேதியைப் போடுங்கள்: 2025 டிசம்பர் 29-க்கு 2026-W01 வர வேண்டும், 2026 நவம்பர் 1-க்கு 2026-W44, 2027 ஜனவரி 1-க்கு 2026-W53, 2027 ஜனவரி 11-க்கு 2027-W02. நான்கும் சரியாக வந்தால் ஃபார்முலா சரி. வருட நடுவில் உள்ள தேதியைப் போட்டுச் சோதித்தால் தப்பான ஃபார்முலாவும் பாஸாகிவிடும்.

உங்களுக்கு உண்மையில் அதிகம் தேவைப்படுவது எதிர்த்திசை என்று நினைக்கிறேன்: கஸ்டமர் வார எண் தருகிறார், தேதி வேண்டும். அதற்கு ஜனவரி 4-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வருடமானாலும் ஜனவரி 4 கட்டாயம் 1-ஆம் வாரத்தில்தான் இருக்கும். ஏனென்றால், அந்த வாரத்தின் வியாழன் ஜனவரி 1-க்கும் 7-க்கும் நடுவில்தான் விழ முடியும், அது வருடத்தின் முதல் வியாழன். ஜனவரி 4 உள்ள வாரத்தின் திங்களைப் பிடித்து, வார எண்ணில் ஒன்றைக் கழித்து, ஏழால் பெருக்கி, அத்தனை நாள் கூட்டினால் கேட்ட வாரத்தின் திங்கள் வந்துவிடும். 2027-இல் ஜனவரி 4-ஏ திங்கள். ஆகவே KW 07/2027 என்றால் ஆறு வாரம், 42 நாள் கூட்டி பிப்ரவரி 15. A2-இல் வருடம், B2-இல் வாரம் இருந்தால்:

```
=DATE(A2,1,4)-WEEKDAY(DATE(A2,1,4),2)+1+7*(B2-1)
```

பழைய ஷீட்டையே நம்பியிருந்தால் இங்கே என்ன ஆகும் என்று பாருங்கள். பிப்ரவரி 8 திங்கள் அன்று சரக்கு ரெடி என்று வைத்துக்கொள்வோம். ஷீட் அதை 7 என்று காட்டும். நீங்கள் "KW 07-இல் அனுப்புகிறோம்" என்று மெயில் போடுவீர்கள். கஸ்டமர் பிப்ரவரி 15 தொடங்கும் வாரம் என்று எடுத்துக்கொண்டு, அவருடைய ஃபார்வர்டருக்கு அந்த வாரத்துக் கப்பலில் இடம் சொல்வார். உங்கள் லாரி ஒரு வாரம் முன்னால் சென்னைக்குப் போய்ச் சேரும், சரக்கு கிடங்கில் வாடகை ஏறிக் கிடக்கும். யார் மேலும் தப்பில்லை, இரண்டு பேரும் 7 என்றுதான் எழுதினார்கள். இதனால்தான் ஆர்டர் உறுதிப்படுத்தும் மெயிலில் வெறும் எண்ணை எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. "KW 07/2027, 15.02.2027 – 21.02.2027" என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். ஐஎஸ்ஓ தெரியாதவருக்கும் புரியும், தெரிந்தவர் தப்பிருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவார்.

அவுட்லுக்கில் வார எண் காட்ட வைத்திருந்தால் அதன் அமைப்பையும் ஒருமுறை பாருங்கள். வாரத்தின் முதல் நாள் Monday என்றும், வருடத்தின் முதல் வாரம் First 4-day week என்றும் இருக்க வேண்டும். Starts on Jan 1 என்று இருந்தால் அதுவும் உங்கள் பழைய ஷீட் மாதிரியே 2027-இல் முந்தி ஓடும்.

இரண்டு விஷயத்தை மட்டும் வார எண்ணிடம் எதிர்பார்க்காதீர்கள். மாதக் கணக்கோடு அது ஒட்டாது. 2026-இன் 44-ஆம் வாரத்தில் ஆறு நாள் அக்டோபர், ஒரு நாள் நவம்பர். வாரத் தொகைகளைக் கூட்டி மாதத் தொகை எடுக்க முடியாது, மாதத்துக்குத் தேதியிலிருந்துதான் தனியாக எடுக்க வேண்டும். அதே போல "KW 02" என்பது ஏழு நாளைச் சொல்கிறதே தவிர, அந்த ஏழு நாளுக்குள் சரக்கு உங்கள் கேட்டைத் தாண்ட வேண்டுமா, சென்னையில் கப்பல் ஏற வேண்டுமா, அவர் கிடங்கில் இறங்க வேண்டுமா என்பதைச் சொல்லாது. கடல் வழியில் இந்த மூன்றுக்கும் நடுவே பல வாரம் இருக்கிறது. ஆர்டரின் டெலிவரி நிபந்தனையைப் பார்த்து அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுக் கஸ்டமர்கள் S02 என்று எழுதினால் அதுவும் இதே ஐஎஸ்ஓ வாரம்தான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் கஸ்டமர் "Week 2" என்று எழுதினால் மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஞாயிறு தொடங்கும் கணக்கும் உண்டு, பெரிய கடைகளுக்குப் பிப்ரவரி வாக்கில் வருடம் தொடங்கும் தனிக் காலண்டரும் உண்டு. அவரிடம் அந்த வாரத்தின் முதல் நாள் எந்தத் தேதி என்று கேட்டு, அந்தத் தேதியை மட்டும் ஷீட்டில் ஏற்றுங்கள்.